51 கிளிக், 60 ஆர்டர்: ஒரு மார்க்கெட்டிங் பயிற்சி அறிக்கை மாற்றி எழுதப்பட்ட விதம் (நிகழ்வு ஆய்வு)

பின்னணி

வணிக மேலாண்மை படிக்கும் ஒரு மாணவி, வீட்டுக் குடிநீர் ஃபில்டர் விற்கும் நடுத்தர நிறுவனம் ஒன்றின் மார்க்கெட்டிங் துறையில் 8 வாரம் பயிற்சி முடித்துவிட்டு வந்தார். அவருடைய அறிக்கைக்கு நான் வழிகாட்டி ஆசிரியர். இறுதிச் சமர்ப்பிப்புக்கு 5 வாரம் இருந்தபோது முதல் வரைவு என் மேஜைக்கு வந்தது. அதைப் படித்ததிலிருந்து வாய்மொழித் தேர்வு வரை நடந்ததை இங்கே பதிகிறேன். நிறுவனம் அடையாளம் தெரியக்கூடாது என்பதால் எண்களைச் சற்று மாற்றியிருக்கிறேன். விகிதங்கள் ஏறக்குறைய அப்படியே இருக்கின்றன.

அவர் செய்த வேலைகள் வழக்கமானவைதான். வாடிக்கையாளர் பட்டியலைச் சுத்தம் செய்தார், போட்டி நிறுவனங்களின் விலைகளை வாரம் ஒருமுறை அட்டவணையில் ஏற்றினார், கண்காட்சி ஒன்றில் இரண்டு நாள் நின்றார், கார்ட்ரிட்ஜ் மாற்றச் சொல்லி நினைவூட்டும் மின்னஞ்சல் ஒன்றை எழுதினார். இந்தக் கடைசி வேலையைப் பற்றித்தான் இந்த ஆய்வு.

முதல் வரைவில் கண்டவை

வரைவு 71 பக்கம். நிறுவன வரலாறு 16 பக்கம், பாடக் கோட்பாடுகள் 21 பக்கம், நாள்வாரி வேலைக் குறிப்பு 19 பக்கம், மீதி 15 பக்கம் பின்னிணைப்பு. கோட்பாட்டு அத்தியாயத்தில் 4 பி, ஸ்வாட், போர்ட்டரின் ஐந்து விசைகள், மாஸ்லோ, ஐடா என்று எல்லாமே இருந்தன. ஒவ்வொன்றுக்கும் விளக்கம், ஒவ்வொன்றுக்கும் படம்.

இப்படிப்பட்ட அறிக்கைகளுக்கு நான் வைத்திருக்கும் சோதனை எளிமையானது. கோட்பாட்டு அத்தியாயத்தில் வரும் சொற்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, வேலை அத்தியாயத்தில் அவை எங்கே திரும்ப வருகின்றன என்று பென்சிலால் வட்டமிடுவேன். இந்த வரைவின் 19 பக்கத்தில் மூன்று வட்டம் விழுந்தது. அதில் இரண்டு, 'இது ஐடா முறைப்படி செய்யப்பட்டது' என்ற ஒரே வாக்கியம். கோட்பாட்டு அத்தியாயத்தை அப்படியே உருவி எடுத்திருந்தாலும் மீதி அறிக்கையில் ஒரு வரி கூட மாறியிருக்காது.

பின்னிணைப்பில் இன்னொரு சிக்கல் இருந்தது. வாடிக்கையாளர் பட்டியலின் ஸ்கிரீன்ஷாட் ஒன்றில் 23 பேருடைய பெயரும் தொலைபேசி எண்ணும் தெளிவாகத் தெரிந்தன. அந்தப் பக்கத்தை அன்றே எடுக்கச் சொன்னேன். மற்றவற்றுக்கு நேரம் தரலாம், இதற்குத் தர முடியாது.

ஆனால் வரைவின் 48-ஆம் பக்கத்தில் ஒரு படம் என்னை நிறுத்தியது. மின்னஞ்சலின் பலனை ஐடா மாதிரிப்படி ஒரு புனலாக வரைந்திருந்தார். கவனம், ஆர்வம், விருப்பம், செயல் என்ற நான்கு படிகளுக்கு எதிரே எண்கள். அனுப்பியது 1,200. திறந்தவர்கள் 540. இணைப்பைக் கிளிக் செய்தவர்கள் 51. ஆர்டர் கொடுத்தவர்கள் 60.

படத்தில் புனல் கீழே போகப் போக ஒடுங்கியது. எண்ணோ கடைசிப் படியில் கூடியிருந்தது.

"கிளிக் பண்ணினவங்களைவிட ஆர்டர் கொடுத்தவங்க எப்படிம்மா அதிகமா இருக்க முடியும்?" என்று கேட்டேன்.

அவர் சிறிது நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஃபோன்ல நிறைய பேர் ஆர்டர் சொன்னாங்க சார். அதையும் சேர்த்துட்டேன். படம் ஏற்கெனவே வரைஞ்சு வெச்சிருந்தேன், நம்பரை மட்டும் போட்டேன்."

எடுத்த முதல் முடிவு: ஒரு வேலை போதும்

அறிக்கையை அந்தப் புனலைச் சுற்றித் திரும்பக் கட்டலாம் என்று முடிவு செய்தோம். மற்ற மூன்று வேலைகளுக்கும் சேர்த்து இரண்டு பக்கம் போதும். காரணம் இதுதான்: கோட்பாடு ஒன்றைச் சொல்லி, கண்ணெதிரே வேறொன்று நடந்த இடம் அது ஒன்றுதான். விலை அட்டவணையில் அவர் எந்த முடிவும் எடுக்கவில்லை, எதையும் அளக்கவும் இல்லை. கண்காட்சி நினைவில் நிற்கும் அனுபவம், ஆனால் அதிலிருந்து கையில் தரவு எதுவும் இல்லை.

ஒரு வேலையைத் தேர்ந்தெடுக்க நான் பார்ப்பது மூன்று விஷயம். மாணவர் தானே ஏதாவது ஒரு முடிவெடுத்திருக்க வேண்டும், அதன் விளைவு எங்காவது பதிவாகியிருக்க வேண்டும், வேறு விதமாகவும் செய்திருக்க முடியும் என்று இருக்க வேண்டும். மூன்றாவது இல்லாவிட்டால் கோட்பாடு வந்து உட்கார இடமே இல்லை.

இரண்டாவது முடிவு: பெயர் ஒட்டுவதை நிறுத்துவது

முதல் வரைவில் இருந்த பத்தி இப்படிப் போனது: 'நான் வாடிக்கையாளர்களுக்கு மின்னஞ்சல் தயாரித்தேன். இதில் ஐடா மாதிரி பயன்படுத்தப்பட்டது. தலைப்பு வரி கவனத்தை ஈர்த்தது. உள்ளடக்கம் ஆர்வத்தைத் தூண்டியது.' இது இணைப்பு இல்லை. செய்த வேலையின் மேல் பாடப்புத்தகப் பெயரை ஒட்டுவது. உண்மையில் ஈர்த்ததா, தூண்டியதா என்று சொல்ல எதுவும் அங்கே இல்லை.

கோட்பாடு என்பது 'இப்படி இருந்தால் இப்படி நடக்கும்' என்று ஏதோ ஒன்றை முன்கூட்டியே சொல்வது. அப்படிச் சொன்னதை எழுதி, பக்கத்தில் நடந்ததை வைத்து, பொருந்துகிறதா என்று பார்த்தால்தான் இணைப்பு. எனவே ஐடா பற்றி அவரிடம் ஒரே ஒரு கேள்வி வைத்தேன்: இந்த மின்னஞ்சலுக்கு ஐடா சரியாக இருந்தால் எண்கள் எப்படி இருந்திருக்க வேண்டும்?

ஒவ்வொரு படியிலும் ஆட்கள் குறைய வேண்டும், மேல்படியில் நிற்காதவர் கீழ்ப்படிக்கு வரக்கூடாது. இங்கே 60 ஆர்டரில் 26 தான் இணைப்பு வழியாக வந்தவை. மீதி 34 தொலைபேசியில் வந்தவை. அவர்கள் கிளிக் என்ற படியில் கால் வைக்காமலே வந்தவர்கள். சரி, அப்படியானால் இரண்டில் ஒன்று: நம் அளவுகோல் தப்பு, அல்லது இந்தச் சூழலுக்கு மாதிரியே பொருந்தவில்லை.

இரண்டுமே உண்மை என்று தெரிந்தது. அளவுகோலை முதலில் எடுத்துக்கொண்டோம். மின்னஞ்சல் திறக்கப்பட்டதை, அதற்குள் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு படம் இறங்குவதை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். 2021-இல் ஆப்பிள் தன் மெயில் செயலியில் தனியுரிமைப் பாதுகாப்பு வசதியைக் கொண்டுவந்தது. அதைப் பயன்படுத்துபவருக்கு மெயில் வந்தால், அவர் திறக்காவிட்டாலும் படம் பின்னணியில் இறங்கிவிடும். ஆகவே 540 என்பது 'கவனித்தவர்கள்' என்று எழுத முடியாத எண். இதை அவர் ஒரு பத்தியாக எழுதினார். முழு அறிக்கையிலும் துறையின் நடைமுறையை உள்ளே இருந்து பார்த்தவர் எழுதியது என்று உடனே தெரிந்த பத்தி அதுதான்.

பிறகு மாதிரி. ஐடா, முன்பின் தெரியாத ஒருவரை வாங்க வைக்கும் விற்பனைப் பேச்சுக்காகப் பிறந்தது. இந்த 1,200 பேரும் ஏற்கெனவே அந்த ஃபில்டரை வீட்டில் மாட்டியிருப்பவர்கள். அவர்களிடம் ஆர்வத்தையும் விருப்பத்தையும் உண்டாக்க வேண்டியதில்லை. கார்ட்ரிட்ஜின் ஆயுள் 6 மாதம், அது முடிந்துவிட்டது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். நுகர்வோர் நடத்தைப் பாடத்தில் ஐந்து படி முடிவெடுக்கும் மாதிரி உண்டு. 1968-இல் ஏங்கல், கொல்லட், பிளாக்வெல் மூவரும் முன்வைத்த மாதிரியிலிருந்து வளர்ந்தது அது. அதன் முதல் படி 'தேவையை உணர்தல்'. தகவல் தேடல், மாற்றுகளை ஒப்பிடுதல் ஆகிய இரண்டும் பழகிய பொருளை மறுபடி வாங்கும்போது சுருங்கிப் போகும் அல்லது காணாமலே போகும். மின்னஞ்சலில் தேதியைப் பார்த்தவர் பேசாமல் ஃபோனை எடுத்து ஆர்டர் சொல்லிவிட்டுப் போனதை இது விளக்குகிறது. ஐடாவால் விளக்க முடியவில்லை.

குறிப்பேட்டில் கிடைத்தது

அடுத்த கட்டத்தில்தான் அறிக்கைக்கு உயிர் வந்தது. அவர் எழுதிய முடிவு: 'தேதியைக் குறிப்பிட்டு நான் எழுதிய புதிய மின்னஞ்சல், பழைய தள்ளுபடி மின்னஞ்சலைவிட மூன்று மடங்கு பலன் தந்தது.' ஆதாரமும் தந்திருந்தார். கார்ட்ரிட்ஜ் மாற்றும் கெடு நெருங்கிய 400 பேருக்குப் புதிய மெயில், அதில் 36 ஆர்டர், அதாவது 9%. மற்ற 800 பேருக்குப் பழைய மெயில், அதில் 24 ஆர்டர், அதாவது 3%. இரண்டு மெயிலிலும் தள்ளுபடி ஒன்றுதான், ஆகவே விலை காரணம் இல்லை என்றும் சரியாகவே எழுதியிருந்தார்.

கணக்கு சரி, முடிவுதான் நிற்கவில்லை. இரண்டு குழுவுக்கும் மெயில் மட்டும் வேறு இல்லை, ஆட்களும் வேறு. கெடு நெருங்கியவர் எந்த மெயிலைப் பார்த்தாலும் கூடுதலாக வாங்குவார். மெயிலின் பங்கு எவ்வளவு, நேரத்தின் பங்கு எவ்வளவு என்று இந்த எண்களிலிருந்து பிரிக்க வழியில்லை. அதைத்தான் அவரிடம் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது.

அன்று மாலை அவருடைய கையெழுத்துக் குறிப்பேட்டை வாங்கிப் புரட்டினேன். அறிக்கைக்கு வந்த நாள்வாரிக் குறிப்பு மெருகேற்றப்பட்டது, இது அன்றன்றைக்கு எழுதியது. ஐந்தாவது வாரம் வியாழக்கிழமைக்கு நேரே ஒரு வரி: 'கெடுப் பட்டியலின் ரெண்டாவது ஃபைல் தப்பா பழைய மெயிலோட போயிடுச்சு. 80 பேர். மேனேஜர் பரவாயில்லைன்னு சொன்னார்.'

இது ஏன் அறிக்கையில் இல்லை என்று கேட்டேன். தான் செய்த தவறு, மதிப்பெண் குறையும் என்று பயந்து எடுத்துவிட்டதாகச் சொன்னார். "இதுதான்மா உன் அறிக்கையே," என்றேன்.

அந்த 80 பேரும் கெடு நெருங்கியவர்கள், ஆனால் பழைய மெயில் கிடைத்தவர்கள். பட்டியல் பெயரின் அகரவரிசையில் இருந்ததால் கடைசி எழுத்துகளில் வரும் பெயர்கள் இரண்டாவது கோப்பில் விழுந்திருந்தன. வாங்கும் பழக்கத்துக்கும் அதற்கும் தொடர்பிருக்கக் காரணமில்லை. இப்போது இரண்டு நியாயமான ஒப்பீடு செய்ய முடிந்தது.

ஒரே மெயில், வேறு ஆட்கள்: பழைய மெயிலுக்குக் கெடு நெருங்கிய 80 பேரில் 6 ஆர்டர், 7.5%. கெடு நெருங்காத 800 பேரில் 24, அதாவது 3%. ஒரே ஆட்கள், வேறு மெயில்: கெடு நெருங்கியவர்களில் பழைய மெயிலுக்கு 7.5%, புதிய மெயிலுக்கு 320 பேரில் 30, அதாவது 9.4%.

வித்தியாசத்தின் பெரும்பகுதி யாருக்கு அனுப்பினோம் என்பதிலிருந்து வந்திருக்கிறது, என்ன எழுதினோம் என்பதிலிருந்து அல்ல. மெயிலின் வாசகத்தை மூன்று நாள் செதுக்கியவர் அவர். பட்டியலைக் கடைசியாக வாங்கிய தேதிப்படி பிரித்ததை 'தரவு உள்ளீடு' என்று ஒரே வரியில் முடித்திருந்தார். உண்மையில் அதுதான் சந்தைப் பிரிவாக்கம். வெண்டெல் ஸ்மித் 1956-இல் எழுதிய கட்டுரையில் அந்தக் கருத்தை முன்வைத்ததிலிருந்து எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருப்பது. பாடத்தில் வயது, வருமானம் என்ற பிரிவுகளோடு பழகியவர்களுக்கு, கடைசியாக வாங்கிய தேதி என்ற ஒற்றை நெடுவரிசையை வைத்து வரிசைப்படுத்துவதும் நடத்தை சார்ந்த பிரிவாக்கம்தான் என்று தோன்றுவதில்லை.

எவ்வளவு சொல்லலாம் என்ற கேள்வி

இந்த உற்சாகத்தில் அவர் மறு எல்லைக்குப் போனார். 'மின்னஞ்சலின் வாசகத்துக்கு எந்தப் பலனும் இல்லை' என்று எழுதிக்கொண்டு வந்தார். அதுவும் சொல்ல முடியாது. 80 பேரில் 6 ஆர்டர் என்பது மிகச் சிறிய எண். இன்னும் இரண்டு பேர் வாங்கியிருந்தால் அது 10% ஆகி, புதிய மெயிலை முந்தியிருக்கும். இரண்டு பேரை நம்பி நிற்கும் முடிவைக் கவனமாகத்தான் எழுத வேண்டும்.

அப்புறம் இன்னொரு ஓட்டை இருந்தது, அதை அவரே கண்டுபிடித்தார். மெயிலே அனுப்பாமல் விட்டவர்கள் யாரும் இல்லை. கெடு நெருங்கியவர்களில் சிலர் மெயில் வராவிட்டாலும் அந்த இரண்டு வாரத்தில் கார்ட்ரிட்ஜ் வாங்கியிருப்பார்கள். தொலைபேசியில் வந்த 34 பேரிடமும் 'மெயில் பார்த்துதான் கூப்பிடுகிறீர்களா' என்று யாரும் கேட்கவில்லை. ஆகவே மெயில் 60 ஆர்டரைக் 'கொண்டுவந்தது' என்று எழுதக்கூடாது, மெயில் போன பிறகு 14 நாளில் 60 ஆர்டர் வந்தது என்றுதான் எழுத முடியும்.

கடைசியாக அறிக்கையில் நின்ற பத்தி இது. அவர் அனுமதியோடு தருகிறேன்:

'பட்டியலைக் கடைசியாக வாங்கிய தேதியின் அடிப்படையில் பிரித்தேன். தேவையை உணரும் நிலையில் இருப்பவர்களே மறுகொள்முதல் செய்வார்கள் என்றால், ஒரே மின்னஞ்சலுக்குக் கெடு நெருங்கியவர்களிடம் கூடுதல் ஆர்டர் வர வேண்டும். வந்தது (7.5%, 3%). வாசகத்தை மாற்றியதால் கிடைத்த கூடுதல் இதைவிடச் சிறியது (9.4%, 7.5%). ஒப்பிட்ட குழுவில் 80 பேர் மட்டுமே இருந்ததால் இதை உறுதியாகச் சொல்ல முடியாது.'

அறிக்கையின் புதிய வடிவம்

எழுதிய வரிசை முக்கியம் என்று நினைக்கிறேன். முதலில் வேலையும் அலசலும் வரும் அத்தியாயத்தை எழுதினார், 14 பக்கம். அதில் தேவைப்பட்ட கோட்பாடுகள் எவை என்று பார்த்து, பிறகுதான் கோட்பாட்டு அத்தியாயம். 21 பக்கம் 5 பக்கமாகச் சுருங்கியது. பிரிவாக்கம், ஐந்து படி மாதிரி, ஐடா மூன்று மட்டும் மிஞ்சின. ஐடாவை நீக்கவில்லை. அது பொருந்தவில்லை என்று காட்டுவதுதான் வாதத்தின் பாதி.

நிறுவன அத்தியாயம் 4 பக்கமானது. வாசகருக்கு அலசல் புரிய என்ன தெரிய வேண்டுமோ அது மட்டும்: பொருள், கார்ட்ரிட்ஜின் ஆயுள், மறுகொள்முதல் எந்த வழிகளில் வருகிறது, மார்க்கெட்டிங் துறையில் யார் எதை முடிவு செய்கிறார்கள். நிறுவனர் வரலாறும் விருதுப் பட்டியலும் போயின. பரிந்துரைகளுக்கு 3 பக்கம், கற்றது பற்றி 2 பக்கம். அறிமுகத்தைக் கடைசியில் எழுதினார், அதுவும் 2 பக்கம்தான். இரண்டு மின்னஞ்சலின் முழு வாசகம், பெயர் நீக்கிய அட்டவணை, வாரவாரியாகச் சுருக்கிய வேலைக் குறிப்பு ஆகியவை 8 பக்கப் பின்னிணைப்பு. மொத்தம் 38 பக்கம். சமர்ப்பிக்கும் முன் நிறுவனத்துக்கு ஒரு பிரதி அனுப்பினோம். விற்பனைத் தொகை வரும் இரண்டு இடங்களைச் சதவீதமாக மாற்றச் சொன்னார்கள், மாற்றினோம்.

கற்றது பற்றிய பகுதியில் அந்தக் கோப்புத் தவறை அவர் நேராகவே எழுதினார். எப்படி நடந்தது, உடனே யாரிடம் சொன்னார், பிறகு அது எதற்குப் பயன்பட்டது என்று அரைப் பக்கம். முதல் வரைவில் இருந்த 'குழுவாகப் பணியாற்றவும் நேரத்தை நிர்வகிக்கவும் கற்றுக்கொண்டேன்' என்ற வரிக்கு அங்கே வேலை இல்லாமல் போனது.

விளைவு

வாய்மொழித் தேர்வில் வெளித் தேர்வாளர் நேராக அந்த ஒப்பீட்டுக்குத்தான் வந்தார். "இதே வேலையை மறுபடி கொடுத்தால் என்ன மாற்றுவீர்கள்?" என்று கேட்டார். கெடு நெருங்கிய 400 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதிக்குப் புதிய மெயில், ஒரு பகுதிக்குப் பழைய மெயில், ஒரு சிறு பகுதிக்கு எதுவும் அனுப்பாமல் இரண்டு வாரம் பார்ப்பேன் என்றார் மாணவி. தொலைபேசி எடுப்பவர் கேட்க வேண்டிய ஒரு கேள்வியையும் சொன்னார். தேர்வாளர் அதற்கு மேல் துருவவில்லை.

நிறுவனம் மாதம் ஒருமுறை எல்லோருக்கும் அனுப்பிக்கொண்டிருந்த மெயிலை நிறுத்தி, கெடு தேதிப்படி அனுப்பத் தொடங்கியிருக்கிறது. அறிக்கையின் மூன்று பரிந்துரைகளில் எடுத்துக்கொள்ளப்பட்டது அது ஒன்று.

நான் மாற்றிக்கொண்டவை

முதல் வரைவு அப்படி வந்ததற்கு மாணவியை மட்டும் சொல்வது நியாயமில்லை. நாங்கள் கொடுத்த மாதிரிப் படிவத்திலேயே 'கோட்பாட்டு அத்தியாயம்: குறைந்தது 15 பக்கம்' என்று இருந்தது. பக்கம் கேட்டோம், பக்கம் வந்தது. அந்த வரியை எடுத்துவிட்டு, 'வேலை அத்தியாயத்தில் பயன்படாத கோட்பாடு இடம்பெறக் கூடாது' என்று போட்டிருக்கிறேன்.

இரண்டாவது, நேரம். பயிற்சியின் மூன்றாவது வாரத்திலேயே எந்த வேலை அறிக்கைக்கு மையம் என்று பேசியிருந்தால், மெயில் அனுப்புவதற்கு முன்பே குழுக்களைச் சரியாகப் பிரித்திருக்கலாம். தற்செயலாக நடந்த ஒரு தவறை நம்ப வேண்டியிருந்திருக்காது. இப்போது மூன்றாவது வார முடிவில் அரைமணி நேரச் சந்திப்பு கட்டாயம். மாணவர் கொண்டுவர வேண்டியது கையெழுத்துக் குறிப்பேடு மட்டும், மெருகேற்றாமல். அதில் ஒவ்வொரு நாளுக்கும் மூன்று பத்தி: என்ன செய்தேன், அங்கே ஏன் அப்படிச் செய்கிறார்கள், பாடம் என்ன நடக்கும் என்று சொல்கிறது. மூன்றாவது பத்தி பெரும்பாலான நாளில் காலியாகத்தான் இருக்கிறது. அது நிரம்பியிருக்கும் நாளிலிருந்துதான் பேச்சைத் தொடங்குகிறோம்.